கேட்ட தகுதியில் ஒன்று இல்லை: விண்ணப்பத்தில் அதை இரண்டே வரியில் சொல்வது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கணக்கர் வேலைக்கு விளம்பரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.காம், டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, டிடிஎஸ் ரிட்டர்ன், மூன்று ஆண்டு அனுபவம் என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு நூல் கடையில் இரண்டு ஆண்டு அனுபவம். டிடிஎஸ் ரிட்டர்ன் மட்டும் போட்டதில்லை. இதற்கு விண்ணப்பிக்கலாம். மின்னஞ்சலில் அதை எப்படிச் சொல்வது என்று பார்ப்போம்.

1. விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

அந்த வேலையில் தினமும் மாதமும் செய்ய வேண்டியவை எவை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அது டேலி, ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு. இவை மூன்றும் தெரிந்திருந்தால் மேலே போகலாம். இவற்றிலேயே இரண்டு தெரியாது என்றால் இரண்டு வரி உதவாது. அந்த வேலையை விட்டுவிடுவது நல்லது.

2. இல்லாததற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். டிடிஎஸ் என்பது ஒரே வேலை இல்லை. பில் வரும்போது வரியைப் பிடிக்க வேண்டும், பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு), அப்புறம் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். நூல் கடையில் நீங்கள் வரி பிடித்து, கட்டி, பான் எண்களையும் சலான் விவரங்களையும் தொகுத்து ஆடிட்டருக்கு அனுப்பியிருப்பீர்கள். கடைசிப் படியை மட்டும் அவர் செய்திருப்பார். ஆக, உங்களிடம் இல்லாதது முழு டிடிஎஸ் அல்ல, அதன் கடைசிப் படி. இதைக் கண்டுபிடிக்காமல் "டிடிஎஸ் தெரியாது" என்று எழுதுகிறவர்கள் தங்கள் வேலையையே குறைத்துச் சொல்கிறார்கள்.

3. முதல் வரி: இருப்பது

> நூல் கடையொன்றில் இரண்டு ஆண்டுகளாக டேலி பிரைமில் முழுக் கணக்கும் எழுதி, மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி இரண்டையும் நானே தாக்கல் செய்து, வங்கிக் கணக்கையும் சரிபார்த்து வருகிறேன்.

"நல்ல அனுபவம் உண்டு" என்று எழுதாமல், செய்த வேலையின் பெயரைச் சொல்லியிருக்கிறோம். மூன்று ஆண்டு கேட்ட இடத்தில் இரண்டுதான் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

4. இரண்டாம் வரி: இல்லாதது

> டிடிஎஸ் ரிட்டர்னை நேரடியாகத் தாக்கல் செய்ததில்லை. வரியைப் பிடித்து உரிய தேதிக்குள் கட்டுவதையும், ரிட்டர்னுக்கான பான், சலான் விவரங்களைத் தொகுத்து ஆடிட்டரிடம் கொடுப்பதையும் நான்தான் செய்கிறேன்.

இல்லாததைப் பெயர் சொல்லி, ஒரே தடவை சொல்லுங்கள். "மன்னிக்கவும்", "வாய்ப்புக் கொடுத்தால் கட்டாயம் கற்றுக்கொள்வேன்" போன்றவை வேண்டாம். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி அது. படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. கற்றுக்கொள்ள உண்மையிலேயே தொடங்கியிருந்தால், எங்கே, என்ன என்று நாலு சொல்லில் சேர்க்கலாம்.

எழுதியது சரியா என்று பார்க்க, இரண்டாம் வரியை மட்டும் தனியாக எடுத்து, அதை வைத்து நேர்காணலில் ஒரு கேள்வி வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். "லாரி வாடகைக்கு எவ்வளவு பிடித்தீர்கள்? பிடிக்கவில்லை என்றால் ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்ல வருகிறதா? வரவில்லை என்றால் அந்த வரியில் மிகைப்படுத்தியிருக்கிறீர்கள். குறைத்து எழுதுங்கள்.

5. எங்கே வைப்பது?

எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று சொன்னதும், அடுத்த பத்தியாக இந்த இரண்டு வரியும் வரட்டும். கடைசியில் வைத்தால் ஒளித்து வைத்ததுபோல் தோன்றும். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதேதான். இணையப் படிவத்தில் "டிடிஎஸ் ரிட்டர்ன் அனுபவம் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றே குறியுங்கள். குறிப்பு எழுதும் பெட்டி இருந்தால் விளக்கத்தை அதில் சேர்த்துவிடுங்கள்.

இந்த முறை தனியார் வேலைகளுக்குத்தான். டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளில் கல்வித் தகுதியும் வயதும் அறிவிப்பில் உள்ளபடி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரித்துவிடுவார்கள். எவ்வளவு நன்றாக எழுதிய வரியும் அங்கே எடுபடாது. ஓட்டுநர் வேலைக்கு உரிமம், மருந்தாளுநர் வேலைக்குப் பதிவு என்று சட்டமே கேட்கும் இடங்களிலும் அப்படித்தான்.