வேகமெடுக்கும் சக்கரம்: வால்வின் முடுக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது?

பட்டர்வொர்த் பக்கம் ஏதாவது ஒரு மோட்டார் கடையில் நின்று பார்த்திருப்பீர்கள். கப்சாய் மோட்டாரை நடு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, கியர் போட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்குவார்கள். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று வேகமெடுக்கும். மெட்ரிகுலேஷனிலும் எஸ்டிபிஎம்மிலும் வரும் சுழற்சிக் கணக்குகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அச்சு நகர்வதில்லை, காற்றடிக்கும் வால்வு ஒரு புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கு அந்த ஒரு புள்ளியைப் பற்றியதுதான்.

எண்களை வைத்துக்கொள்வோம். 17 அங்குல ரிம்மில் வால்வு அச்சிலிருந்து ஏறக்குறைய 0.20 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. சக்கரம் நின்ற நிலையிலிருந்து மாறாத கோண முடுக்கத்தோடு, α = 5 rad/s² என்று, வேகமெடுக்கிறது. வால்வுக்கு இரண்டு முடுக்கங்கள் உண்டு. ஓடும் வேகம் கூடுவதால் வருவது தொடுகோட்டு முடுக்கம், a_t = rα. போகும் திசை வளைந்துகொண்டே இருப்பதால் வருவது மையநோக்கு முடுக்கம், a_c = rω². முதலாவது வட்டத்தைத் தொட்டபடி முன்னோக்கியும், இரண்டாவது அச்சை நோக்கியும் இருக்கும்.

முதல் தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. α மாறாதது என்று கேள்வியில் படித்ததும், மொத்த முடுக்கமும் மாறாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாறாதது a_t மட்டும்தான்: 0.20 × 5 = 1.0 m/s², தொடக்கம் முதல் கடைசிவரை அதேதான். a_c அப்படியில்லை. தொடங்கும் கணத்தில் ω பூச்சியம், ஆகவே a_c பூச்சியம். 1 வினாடியில் ω = 5 rad/s, a_c = 5 m/s². 2 வினாடியில் ω = 10 rad/s, a_c = 20 m/s². வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகிறது. வேகத்தோடு கூடுகிற ஒன்றும் கூடாத ஒன்றும் சேர்ந்த மொத்தம் எப்படி மாறாமல் இருக்கும்?

இரண்டையும் நேரடியாகக் கூட்டுவது அடுத்த தவறு. 1 வினாடியில் 1.0-உம் 5-உம் சேர்ந்து 6 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து, அதனால் √(1² + 5²), அதாவது 5.1 m/s². விடை இரண்டில் பெரியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், கூட்டுத்தொகையைவிடக் குறைவாகவும் வந்தாக வேண்டும். அதற்கு வெளியே போனால் எங்கோ கை தவறியிருக்கிறது.

நிமிடச் சுற்றுகளை அப்படியே போடுவது இன்னொன்று. 10 rad/s என்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 95.5 சுற்று. அந்த 95.5-ஐ ω-வின் இடத்தில் போட்டால் a_c 1,800-ஐத் தாண்டும். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 180 மடங்குக்கு மேல். மெதுவாகச் சுற்றும் பின்சக்கரத்துக்கு இது பொருந்துமா என்று ஒரு கணம் யோசித்தாலே பிடிபட்டுவிடும்.

இவையெல்லாம் சின்னத் தவறுகள். உண்மையில் குழப்புவது திசை.

மொத்த முடுக்கத்தின் அம்பு வால்வைக் கடக்கும் ஆரத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை φ என்போம். tan φ = a_t / a_c = rα / rω² = α/ω². r அடிபட்டுப் போனதைக் கவனியுங்கள். வால்வானாலும், அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்போக்கின் அடிப்பகுதியானாலும், ஒரே கணத்தில் சாய்வு ஒன்றுதான். அம்பின் நீளம்தான் வேறுபடும். "வெளியே இருக்கிற புள்ளி வேகமாகப் போகிறதே சார், அதன் அம்பு மையத்தை நோக்கி அதிகமாகத் திரும்பாதா?" என்று கேட்பார்கள். வெளியே போகப் போக a_c கூடுவது உண்மை, ஆனால் a_t-யும் அதே விகிதத்தில் கூடுகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். நின்ற நிலையிலிருந்து கிளம்பியதால் ω² = 2αθ. அதை மேலே போட்டால் tan φ = 1/(2θ). இப்போது α-வும் போய்விட்டது. சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது மட்டுமே சாய்வைத் தீர்மானிக்கிறது. எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆக்சிலேட்டரைப் பலமாக முறுக்கினால் அம்பு தொடுகோட்டுப் பக்கம் அதிகமாகச் சாயும் என்பது எல்லாரும் விழும் குழி. அதே அளவு திரும்பிய பிறகு பார்த்தால், மெல்ல முறுக்கினாலும் பலமாக முறுக்கினாலும் சாய்வு ஒன்றே. அதே நேரத்தில் பார்த்தாலோ tan φ = 1/(αt²), அதாவது பலமாக முறுக்கியவரின் அம்புதான் மையத்தை நோக்கிச் சீக்கிரமாகத் திரும்பியிருக்கும்.

நம் வால்வில் பார்ப்போம். தொடங்கும் கணத்தில் அம்பு முழுக்கத் தொடுகோட்டில், φ = 90°. அரை ரேடியன், அதாவது ஏறக்குறைய 29° திரும்பியதும் இரண்டு முடுக்கங்களும் சமமாகி φ = 45°. கால் சுற்று முடியும்போது 17.7°. ஒரு முழுச் சுற்று முடியும்போது வெறும் 4.5° சொச்சம். ஒரே சுற்றுக்குள் அம்பு கிட்டத்தட்ட மையத்தையே பார்க்க ஆரம்பித்துவிடுகிறது, ஆனால் α இருக்கும்வரை ஒருபோதும் சரியாக மையத்தில் விழாது. θ-வை ரேடியனில்தான் போட வேண்டும் என்பதை இங்கே மறந்தால் கதை கெட்டுவிடும். 1 வினாடியில் θ = 2.5 rad, φ = 11.3°. அதையே 143° என்று மாற்றிப் போட்டால் φ 0.2° என்று வரும்.

சரி, φ = 11.3° கிடைத்துவிட்டது. அதைக் கிடைக்கோட்டிலிருந்து வரைகிறவர்கள் நிறையப் பேர். φ அளக்கப்படுவது வால்வின் ஆரத்திலிருந்து, அந்த ஆரமோ சக்கரத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. வால்வு முதலில் நமக்கு நேர் வலப்பக்கம் இருந்து, சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.5 rad திரும்பியதும் அது 143.2° திசையில், மேலே இடப்பக்கம் இருக்கும். அங்கிருந்து மையம் இருப்பது 323.2° திசையில். ஓடும் திசை 233.2°. மையத் திசையிலிருந்து ஓடும் திசையின் பக்கமாக 11.3° திருப்பினால் 311.9°. ஆக, அம்பு வலப்பக்கம் கீழ்நோக்கி, கிடைக்கோட்டுக்கு 48.1° கீழே பார்க்கிறது. எந்தப் பக்கம் திருப்புவது என்று சந்தேகம் வந்தால், வேகம் கூடும்போது அம்பு ஓடும் பக்கமாகச் சாயும், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கமாகச் சாயும் என்பதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டிலும் அம்பு வட்டத்துக்கு உள்ளேதான் போகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படம் எதுவானாலும் பிழை.

1/(2θ) எல்லா இடத்திலும் ஓடாது. சக்கரம் ஏற்கெனவே ω₀ வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது முறுக்கினால் ω² = ω₀² + 2αθ, அப்போது α சமன்பாட்டுக்குள் திரும்ப வந்துவிடும். முறுக்கு விட்டுவிட்டு மாறினாலும் இந்தச் சுருக்கம் செல்லாது, அந்தந்தக் கணத்தின் α/ω²-ஐத்தான் எடுக்க வேண்டும்.

மோட்டாரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி ரோட்டில் ஓட்டினால் கணக்கே வேறு. அச்சும் முன்னோக்கி முடுக்கம் பெறுவதால் அதையும் ஒவ்வொரு புள்ளியோடும் சேர்க்க வேண்டும். டயர் வழுக்காமல் உருளும்போது, தரையைத் தொடும் புள்ளியில் அச்சின் முடுக்கமும் அந்தப் புள்ளியின் பின்னோக்கிய rα-வும் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சுவது அச்சை நோக்கி, நேர் மேலே, rω² மட்டும். வேகம் பூச்சியமாக இருக்கும் அந்தப் புள்ளிக்கு முடுக்கமும் பூச்சியம் என்று எழுதிவிடாதீர்கள்.