ஏஎச்யு சப்ளை டக்ட்: அட்டென்யூவேட்டர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேருகிற இளைஞர்களின் ஒலிக் கணக்குகளைச் சரிபார்ப்பதும் இப்போது என் வேலைகளில் ஒன்று. தொடக்க காலத்தில் நான் போட்ட கணக்குகளையே திரும்பப் பார்ப்பது போல இருக்கிறது. கூட்டல் கழித்தல் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் கண்ணில் பட்டுவிடும். ஃபால்ஸ் சீலிங்கை மூடி, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகே வெளியே வருகிற தவறுகள்தான் இங்கே பேச்சு.

ஒற்றை எண்ணை வைத்து அட்டென்யூவேட்டர் எடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கல்லூரிக் கருத்தரங்கக் கூடம். பக்கத்து அறையில் 8000 சிஎஃப்எம் ஏஎச்யு; அதன் காற்று முழுவதும் அந்த ஒரே கூடத்துக்குத்தான். கூடத்துக்கு வைத்த இலக்கு என்சி 30. பலர் என்சி 30 என்றால் 30 டெசிபெல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு வளைகோட்டின் பெயர். தாழ்ந்த சுருதியில் காது மந்தம் என்பதால், அந்த வளைகோடு 63 ஹெர்ட்ஸில் 57 டெசிபெல் வரை விடுகிறது. 1000 ஹெர்ட்ஸிலோ 31 மட்டும்தான். அறையில் அளந்த ஒலியை ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் இந்த வளைகோடுகளோடு ஒப்பிட வேண்டும். எந்தப் பட்டை மிக உயர்ந்த வளைகோட்டைத் தொடுகிறதோ, அதுதான் அந்த அறையின் என்சி. மற்ற பட்டைகள் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் கணக்கில் வராது.

அந்தக் கூடத்துக்குக் கணக்குப் போட்டவர் பட்டைகளைப் பார்க்கவே இல்லை. டக்டுக்குள் ஒலியைக் குறைக்கிற அட்டென்யூவேட்டர் இல்லாவிட்டால் கூடத்தில் மொத்தம் 65 டிபிஏ வரும் என்று எடுத்தார். என்சி 30-க்கு ஏறத்தாழ 35 டிபிஏ. ஆக 30 டெசிபெல் குறைந்தால் போதும் என்று முடித்தார். விற்பனையாளர் 900 மிமீ நீளத்தில் ஒன்றைக் காட்டினார். கேட்டலாக்கில் 1000 ஹெர்ட்ஸுக்கு நேரே 34 என்று இருந்தது. அதைப் பார்த்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டைவாரியாகப் பார்த்திருந்தால் இப்படித் தெரிந்திருக்கும் (எல்லாம் டெசிபெல்லில்):

| பட்டை (ஹெர்ட்ஸ்) | கூடத்தில் வரும் ஒலி | என்சி 30 அனுமதி | குறைக்க வேண்டியது | 900 மிமீ குறைப்பது |
|---|---|---|---|---|
| 63 | 65 | 57 | 8 | 4 |
| 125 | 67 | 48 | 19 | 7 |
| 250 | 68 | 41 | 27 | 14 |
| 500 | 64 | 35 | 29 | 25 |
| 1000 | 59 | 31 | 28 | 34 |

125 ஹெர்ட்ஸில் மிஞ்சுவது 60, 250-இல் 54. இரண்டுமே என்சி 45 வளைகோட்டில் போய் உட்காருகின்றன. 1000 ஹெர்ட்ஸிலோ தேவைக்கு மேல் 6 டெசிபெல் குறைந்திருக்கிறது. செலவு நடந்தது உண்மை, ஆனால் கோளாறு இல்லாத பட்டையில் நடந்தது.

கூடத்தில் நின்றால் காற்றுச் சீறல் எதுவும் கேட்காது. 'ம்ம்ம்' என்று ஓர் அடித்தொண்டை முனகல் மட்டும் ஓயாமல் இருக்கும். பேச்சாளரின் மைக்கை ஏற்றினால் அதுவும் கூடவே ஏறும். சோதனைக்காக ஏஎச்யுவை நிறுத்திய நொடியில், முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருசேர நிமிர்ந்து பார்த்தார்கள்.

காரணம் எளிது. 125 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 2.7 மீட்டர், 1000 ஹெர்ட்ஸுக்கு 34 சென்டிமீட்டர்தான். அட்டென்யூவேட்டருக்குள் நிற்கிற மெல்லிய ஸ்ப்ளிட்டர் தடுப்புகளில் இருக்கிற ராக்வூல் குட்டையான அலையைப் பிடித்துவிடும், நெட்டையானதை விட்டுவிடும். அதைப் பிடிக்க ஸ்ப்ளிட்டர் தடிமனாக வேண்டும், நீளமும் வேண்டும். இந்தக் கூடத்துக்கு 125 ஹெர்ட்ஸில் 19 வேண்டுமென்றால் 2400 மிமீ அளவில் யோசித்திருக்க வேண்டும். ஏஎச்யுவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த நேர்டக்ட் அதில் பாதிதான்.

அப்புறம் ஆளுக்கொரு யோசனை. டக்டின் மேல் கிளாஸ்வூல் சுற்றலாம் என்றார் ஒப்பந்ததாரர். சுற்றினார்கள், ஒன்றும் மாறவில்லை. டக்டுக்கு உள்ளே ஓடிப்போகிற ஒலியை வெளியே சுற்றிய கம்பளி தடுக்காது. அடுத்து, இருக்கிற 900 × 600 டக்டின் அளவிலேயே நீளமான அட்டென்யூவேட்டரைச் சொருகலாம் என்றார்கள். 8000 சிஎஃப்எம் என்பது விநாடிக்கு 3.8 கனமீட்டர். அந்த முகத்தில் காற்று விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்து, 40 சதவீதமே திறந்திருக்கிற ஸ்ப்ளிட்டர் இடுக்குகளில் 17 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் அட்டென்யூவேட்டரே சத்தம் போடத் தொடங்கும். கூடவே அழுத்த இழப்பு ஏறும். அதை ஈடுகட்ட விசிறியின் வேகத்தைக் கூட்டுவார்கள். விசிறி வேகம் 10 சதவீதம் கூடினால் மூலத்திலேயே 2 டெசிபெல் ஏறிவிடும்.

கடைசியில் 1200 × 900 உறை போட்டார்கள். வேகம் பாதியானதால் அழுத்த இழப்பு கால்பங்கானது. அட்டென்யூவேட்டர் தானே எழுப்பும் ஒலியும் 15 டெசிபெல் அளவுக்கு இறங்கியது. ஆனால் அதற்கு இடம் வேண்டி ஏஎச்யுவைத் திருப்பி வைத்து, டக்டை வெட்டி, ஒரு கோடை விடுமுறை முழுவதும் வேலை நடந்தது. வரைபடத்தில் இருந்தபோதே பார்த்திருந்தால் ஒரு கோட்டை மாற்றுவதோடு போயிருக்கும்.

ஆகவே 125 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குங்கள். 63-ஐயும் 250-ஐயும் அதோடு சேர்த்துப் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக வந்தால், மேல்பட்டைகள் பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும். விற்பனையாளரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் காற்றோட்டத்தில் பட்டைவாரிக் குறைப்பு, அட்டென்யூவேட்டர் தானே எழுப்பும் ஒலி, அழுத்த இழப்பு எத்தனை பாஸ்கல். காற்றை ஓடவிடாமல் அளந்த எண்களை ஏற்காதீர்கள். சப்ளை டக்டில் காற்றும் ஒலியும் ஒரே திசையில் போவதால், கீழ்ப்பட்டைகளில் குறைப்பு இன்னும் கொஞ்சம் சுருங்கும். தேவையான நீளத்துக்கு இடமே இல்லை என்றால் விசிறித் தேர்வுக்குத் திரும்புங்கள். அதன் உச்சத் திறனுக்கு அருகில் ஓடுகிற விசிறியை எடுத்தால் முனகல் பிறக்கும் இடத்திலேயே குறையும்.

பிளான்ட் ரூமின் நடுவில் தொங்கவிடுவது

அட்டென்யூவேட்டரைத் தாண்டியபின் டக்டுக்குள் ஒலி அடங்கிவிட்டது, சரி. ஆனால் அந்த டக்ட் இன்னும் 3 மீட்டர் இரைச்சலான அறைக்குள்ளேயே போனால், தகட்டின் வழியாக ஒலி மறுபடி உள்ளே நுழைந்துவிடும். அட்டென்யூவேட்டரின் கூடப் பக்கத்து முனை பிளான்ட் ரூம் சுவரில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள இடைவெளியையும் நன்றாக அடைக்க வேண்டும். அதே நேரம், விசிறி வாயிலோ எல்போவிலோ ஒட்டியும் வைக்காதீர்கள். சுழன்று வருகிற காற்று உள்ளே நுழைந்தால் அழுத்த இழப்பு கேட்டலாக் எண்ணைப் போல் இரண்டு மடங்கும் ஆகலாம்.

ஒலித்திறனையும் ஒலியழுத்தத்தையும் கலப்பது

விசிறியின் பட்டியலில் இருப்பது ஒலித்திறன், என்சி வளைகோட்டில் இருப்பது ஒலியழுத்தம். அறையின் விளைவைக் கழிக்காமல் இரண்டையும் ஒப்பிடாதீர்கள். பட்டியல் எண் விசிறியின் வெளியேறு வாய்க்கானதா, ஏஎச்யு உறையிலிருந்து கசிவதா என்றும் பாருங்கள்.

டிஃப்யூசர் கேட்டலாக்கின் என்சி

அது ஒற்றை டிஃப்யூசருக்கு, அறை 10 டெசிபெல் உறிஞ்சும் என்று வைத்துச் சொன்ன எண். ஒரே மாதிரி நான்கு டிஃப்யூசர் தலைக்கு மேல் இருந்தால் 6 டெசிபெல் வரை கூட்டுங்கள்.

டிஃப்யூசர் கழுத்தில் டேம்பரை இறுக்குவது

வேண்டாம். அங்கே பிறக்கும் சீறலுக்கும் காதுக்கும் நடுவில் எதுவும் இல்லை. கிளை பிரியும் இடத்தில் இறுக்குங்கள்.