ஸ்கேல் ஃபங்ஷன் தருவது இடம், நீளம் அன்று: பட்டை வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவாஸ்கிரிப்டில் நாமே ஒரு பட்டை வரைபடத்தை வரையும்போது, தரவில் உள்ள எண்ணைத் திரையில் உள்ள பிக்சல் இடமாக மாற்றித் தரும் வேலையை ஸ்கேல் ஃபங்ஷன் செய்கிறது. அதன் உட்புறம் மிகச் சிறியது.

```js
function linear(d0, d1, r0, r1) {
  return v => r0 + (v - d0) / (d1 - d0) * (r1 - r0);
}
const y = linear(0, 100, 250, 0);
```

தரவு 0 முதல் 100 வரை செல்கிறது. வரைவதற்கு 250 பிக்சல் உயரம் இருக்கிறது. பிக்சல் எல்லையை `250, 0` என்று தலைகீழாகக் கொடுத்திருப்பதற்குக் காரணம், எஸ்விஜியிலும் கேன்வாஸிலும் 0 என்பது மேல் விளிம்பாக இருப்பதும், கீழே இறங்க இறங்க எண் கூடுவதும்தான். இதை `0, 250` என்று எழுதிவிட்டால் படம் முழுவதும் கவிழ்ந்துவிடும் என்பதால், அந்தத் தவறு முதல் பார்வையிலேயே பிடிபட்டுவிடுகிறது. எளிதில் பிடிபடாதது வேறொன்று.

`y(40)` என்பது 150. இது 40 என்ற மதிப்பு திரையில் அமையும் இடமே தவிர, அந்தப் பட்டையின் உயரம் அன்று. பலர் செவ்வகத்தின் `y` பண்புக்கும் `height` பண்புக்கும் ஒரே `y(v)`ஐக் கொடுத்துவிடுகிறார்கள். தரவு 25, 40, 100 என்று வைத்துக்கொள்வோம். 25க்கான பட்டை 187.5 பிக்சல் உயரம் பெற்று அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே தொங்குகிறது. 40க்கான பட்டை 150 பிக்சல் பெறுகிறது. எல்லாவற்றிலும் பெரிய 100 உயரமே இல்லாமல் மறைந்துபோகிறது. பட்டைகளின் மேல் விளிம்புகள் மட்டும் சரியான இடத்தில் நிற்பதால், ஸ்கேலில் பிழை இல்லை என்று நம்பி வேறெங்கோ தேடத் தொடங்குகிறோம். சோதனைக்கு 50ஐ மட்டும் கொடுத்துப் பார்த்தவருக்கு இன்னும் சிக்கல்: `y(50)` 125 ஆகவும் சரியான உயரமும் 125 ஆகவும் இருப்பதால், தவறான நிரலும் சரியான படத்தையே வரைந்து காட்டும். ஆகவே நடுமதிப்பை வைத்து ஒருபோதும் சோதிக்க வேண்டாம்.

உயரம் என்பது இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தொலைவு. அந்த இரண்டில் ஒன்று எப்போதும் `y(0)`. அதற்குப் பதிலாக 250 என்ற எண்ணையே எழுதிக் கழிப்பது, குறை எண்கள் வராத வரையில்தான் பலிக்கும். தரவின் எல்லையை -50 முதல் 100 வரை மாற்றினால் `y(0)` ஏறத்தாழ 166.7க்கு நகர்ந்துவிடுகிறது, -20க்கான இடமோ அதற்குக் கீழே 200இல் இருக்கிறது. அப்போது `y(0) - y(v)` குறை எண்ணாகிவிடும். கேன்வாஸின் `fillRect` குறை உயரத்தை ஏற்று எதிர்த்திசையில் வரைந்துவிடுகிறது; எஸ்விஜியின் `rect` அதை ஏற்பதில்லை, பட்டை வரையப்படாமலே போகிறது. பின்வருமாறு எழுதினால் இரண்டு பக்கமும் சரியாக அமையும்.

```js
rect.setAttribute("y", Math.min(y(0), y(v)));
rect.setAttribute("height", Math.abs(y(v) - y(0)));
```

இதற்கு முன்நிபந்தனையாக, பட்டை வரைபடத்தில் தரவின் எல்லைக்குள் 0 இருந்தாக வேண்டும். தரவில் உள்ள மிகச் சிறிய எண்ணிலிருந்தே எல்லையைத் தொடங்கி 25 முதல் 100 என்று வைத்தால், `y(0)` படத்தின் கீழ் விளிம்பைத் தாண்டிப் போய்விடுவதால் 25க்கான பட்டைக்குப் படத்துக்குள் தெரியும் உயரமே இருக்காது. 40க்கு 50 பிக்சலும் 100க்கு 250 பிக்சலும் கிடைக்கும். உண்மையில் இரண்டரை மடங்காக உள்ள வேறுபாடு கண்ணுக்கு ஐந்து மடங்காகத் தெரியும். கோட்டு வரைபடத்தில் நீளம் அல்ல, இடமே பொருள் தருகிறது என்பதால் அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் மதிப்புகள் அனைத்தும் ஒன்றாகவே இருந்தால் `d1 - d0` பூச்சியமாகி `NaN` வரும் என்பதால், அந்த நிலையில் எல்லையைச் சற்று விரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஸ்கேலுக்குள் செல்லும் எண்கள் உண்மையிலேயே எண்கள்தாமா என்று பார்க்க வேண்டும். சிஎஸ்வி கோப்பிலிருந்து வருபவை எழுத்துச்சரங்கள். மேலே உள்ள சூத்திரம் கழித்தலில் தொடங்குவதால் அது அவற்றைத் தானாகவே எண்ணாக மாற்றிக்கொண்டு, குறையை மறைத்துவிடுகிறது. ஆனால் மிகப் பெரிய மதிப்பைக் கண்டுபிடிக்க `a > b` என்று ஒப்பிட்டால் `"40"` தான் `"100"`ஐ விடப் பெரியது, ஏனெனில் சரங்கள் எழுத்தெழுத்தாக ஒப்பிடப்படுகின்றன. எல்லை 0 முதல் 40 என்று அமைந்து, 100க்கான இடம் -375 என்று வரும். அந்தப் பட்டை படத்தின் மேல் விளிம்பைக் கடந்து வெளியே போய்விடும். கோப்பைப் படிக்கும்போதே `Number` கொண்டு மாற்றிவிடுவது நல்லது. ஆனால் `Number("")` 0 ஆகும் என்பதால், வெற்றாக உள்ள கட்டங்களை அதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். இல்லையெனில், பதிவே ஆகாத ஒரு மதிப்பு பூச்சியமாகப் பதிவானதைப் போல அடிக்கோட்டில் நிற்கும்.