இரும்புச்சத்து மாத்திரை: மலம் கருப்பாகப் போனால் நிறுத்த வேண்டுமா?

அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8.4 என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலையில் போன்.

"டேய், கருப்பா போகுதுடா. நேத்தும் அப்படித்தான். ரெண்டு நாளா வயிறும் சரியா போகல. மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

மருந்தகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இது பழகிய கேள்வி. இந்த மாத்திரை வேலை செய்யாமல் போவதைவிட, வேலை செய்யும் முன்பே நிறுத்தப்படுவதுதான் அதிகம். நிறுத்த வேண்டியதில்லை என்று அக்காவிடம் சொல்வதற்கு முன் நான் சில கேள்விகள் கேட்டேன். அந்த வரிசையிலேயே இங்கேயும் போகலாம்.

முதலில்: இரும்புதான் குறைவா?

ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. உடம்பில் எவ்வளவு இரும்பு இருப்பில் இருக்கிறது என்பதை ஃபெரிட்டின் பரிசோதனை காட்டும். அக்காவுக்கு அது 6. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே இருப்பு காலி என்றுதான் பொருள். தலசீமியா மரபணு உள்ள சிலருக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே இருக்கும். இரும்பு இருப்பு சரியாக இருந்தால் அவர்களுக்கு இந்த மாத்திரையால் பயன் இல்லை. அதனால் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நாமாகவே வாங்கிப் போடாதீர்கள்.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

மாத்திரையின் எடை வேறு, அதில் இருக்கும் இரும்பு வேறு. ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. மாத்திரையில் இரும்பு ஏறக்குறைய 65 மி.கி.தான். ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி.யிலும் அதே அளவு. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் 35 மி.கி. மட்டுமே. அட்டையில் 'எலிமென்டல் அயர்ன்' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பலனும் பக்கவிளைவும் அந்த எண்ணைப் பொறுத்தவைதான்.

அந்த 65-லும் பத்தோ பதினைந்தோ மி.கி. ரத்தத்தில் சேர்ந்தால் பெரிது. மீதி குடலிலேயே தங்கி, கீழே இறங்கிப் போய்விடும். இதை நினைவில் வையுங்கள். மலம் கருப்பதற்கும் வயிறு கட்டிக்கொள்வதற்கும் அந்த மீதிதான் முக்கியக் காரணம்.

ஒரு வேளை போதுமா, இரண்டு வேளையா?

ஒரு வேளை மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. இது குடலின் வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி: 'வந்தது போதும்' என்று கதவைச் சாத்திவிடும். ஏறக்குறைய ஒரு நாள் வரை கதவு முழுதாகத் திறக்காது. காலையில் ஒன்று போட்டவர் மாலையில் இன்னொன்று போட்டால், இரண்டாவதில் உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது, மீதி கூடுகிறது, மலச்சிக்கலும் கூடுகிறது. அதனால்தான் இப்போது பல மருத்துவர்கள் நாளுக்கு ஒரு வேளை தருகிறார்கள். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். உங்களுக்கு இரண்டு வேளை எழுதியிருந்தால் நீங்களாகக் குறைக்காமல், இதை டாக்டரிடம் கேளுங்கள்.

நேரத்தைப் பிடியுங்கள்

அக்காவிடம் எப்போது போடுகிறாய் என்று கேட்டேன். "காலைல காபியோடதான், மறக்காம இருக்கும்ல" என்றாள். மறக்காமல்தான் போட்டிருக்கிறாள், ஆனால் பாதி வீண். காபியிலும் டீயிலும் உள்ள பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பால், கால்சியம் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் ஆன்டாசிட் எல்லாமே உறிஞ்சுதலைக் குறைக்கும்.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போடுவதுதான் நல்லது. அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. ஆனால் அக்காவுக்கு இன்னொரு சிக்கல்: காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை போடுகிறாள். இரும்பு அதையும் பிடித்துவிடும். இரண்டுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, ஏழுக்குக் காபி, எட்டரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்கு இரும்பு, ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. கால்சியம் மாத்திரை இரவுச் சாப்பாட்டோடு. போனில் பதினொரு மணிக்கு அலாரம் வைத்தாள், அவ்வளவுதான். சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளோடும் இரும்பு சேராது; புது மருந்து எதுவும் எழுதினால் இரும்பு போடுவதைச் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் சி மாத்திரையும் தனியாக வாங்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வைட்டமின் சி உறிஞ்சுதலுக்கு உதவுவது உண்மை. ஆனால் மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டு வருபவருக்கு அதனால் ஹீமோகுளோபினில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. என்னைக் கேட்டால் காபியைத் தள்ளி வைப்பதுதான் அதைவிட லாபம்.

வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். உறிஞ்சுவது குறையும்தான்; ஆனால் மாத்திரையையே நிறுத்துவதைவிட அது தேவலை. குமட்டல் வராது என்று மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதில் ஒரு குறை உண்டு. இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் ஆரம்பப் பகுதியில். அந்த வகையில் கணிசமான பகுதி அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் கரைகிறது.

கருப்பு எந்தக் கருப்பு?

அக்காவிடம் நான் கேட்ட கேள்விகள் இவைதான். கெட்டித்தன்மை எப்போதும் போலவா, இளகி இருக்கிறதா? ஒட்டுகிறதா? தண்ணீர் ஊற்றினால் போகிறதா? நாற்றம் புதிதாக இருக்கிறதா? எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா?

"கெட்டியாத்தான் இருக்கு. கரும்பச்சை மாதிரி. நாத்தமெல்லாம் எப்பவும் போலத்தான்." இது மாத்திரையின் கருப்பு. மாத்திரை ஆரம்பித்த சில நாட்களில் வரும், நிறுத்திய சில நாட்களில் போய்விடும். ஓரத்தில் பச்சை சாயல் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்தவும் வேண்டாம். சிலருக்குக் கருப்பே வராது. அதற்காக மாத்திரை வேலை செய்யவில்லை என்று பொருள் இல்லை.

ரத்தக் கருப்பு வேறு. இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிந்தால், அது செரித்துக் கீழே வருவதற்குள் தார் மாதிரி ஆகிவிடும்: பளபளப்பு, பிசுபிசுப்பு, இளக்கம், தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு போகாது. அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் மறக்க மாட்டார். சிவப்பு ரத்தமாகப் போனால் அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை.

குழப்பம் வருவது இங்கேதான். எங்களிடம் வாடிக்கையாக வரும் ஒரு பெரியவர், இரண்டு மாதமாக இரும்பு மாத்திரை போடுபவர், ஒருநாள் மூட்டுவலி மாத்திரை கேட்டார். முகம் வெளுத்திருந்தது. விசாரித்தபோது, "கருப்பா போறது பழசுதானே தம்பி, இந்த நாலு நாளா கொஞ்சம் கொழகொழன்னு போகுது, எழுந்தா கண்ணை இருட்டுது" என்றார். வலி மாத்திரையை அவர் தினமும் போட்டு வந்திருக்கிறார். அதைக் கொடுக்காமல் மகனை வரவழைத்து அப்போதே மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரைப்பைப் புண்ணில் ரத்தக் கசிவு. நிறம் அவருக்கு எதையும் சொல்லித் தரவில்லை. பதம் மாறியதுதான் அடையாளம். மாத்திரை போடுபவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான், அதிலும் வலி மாத்திரையோ ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ சேர்த்துப் போடுபவர்கள். தார் போன்ற மலம், ரத்த வாந்தி, மயக்கம், நெஞ்சுவலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது: இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

வயிறு கட்டிக்கொண்டால்

முதல் வேலை தண்ணீர். நார்ச்சத்தைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்டாவிட்டால் கட்டிக்கொள்வது இன்னும் மோசமாகும். நார்ச்சத்துப் பொடி சாப்பிட்டால் அதற்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அக்காவுக்கு இதெல்லாம் போதவில்லை. லாக்டுலோஸ் சிரப் இரவில் 15 மி.லி. எடுத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். இது அன்றைக்கே வேலை செய்யாது, இரண்டு நாள் ஆகும். முதலில் கொஞ்சம் வாயுவும் வரும். இது தெரியாமல் ஒரே இரவில் கைவிடுபவர்கள் உண்டு. மூன்றாம் நாள் அக்காவுக்குச் சரியானது.

அதற்கும் மசியவில்லை என்றால் டாக்டரிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறையைக் கேளுங்கள், அல்லது இரும்பு அளவு குறைந்த மாத்திரையைக் கேளுங்கள். மீதி குறைந்தால் தொல்லையும் குறையும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுவும் பிரியவில்லை என்றால் மட்டும் அதைச் சாதாரண மலச்சிக்கலாக எடுத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான்காம் வாரம் ஒரு பரிசோதனை

மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 2 கிராம் ஏற வேண்டும். அக்காவுக்கு 10.2 ஆனது, பத்தாவது வாரத்தில் 12.3. "நார்மல் ஆயிடுச்சே, விட்டுடலாமா?" என்று மறுபடி போன். இன்னும் மூன்று மாதம் என்றேன். ரத்தம் நிரம்பிவிட்டது, இருப்பு இன்னும் நிரம்பவில்லை.

ஏறவில்லை என்றால் மாத்திரை மேல் பழி போடுவதற்கு முன் காபி, ஆன்டாசிட், தவறவிட்ட நாட்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். அதெல்லாம் சரி என்றால், ஒன்று குடல் உறிஞ்சவில்லை, அல்லது எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு மாதவிடாயில் அதிகமாகப் போவதுதான் காரணம். அதற்கும் தனியாகச் சிகிச்சை நடக்கிறது. ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால், ஹீமோகுளோபின் ஏறினாலும் குடலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அக்கா வீட்டுக்குப் போனபோது மாத்திரை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சிவப்பாக, வழவழவென்று, மிட்டாய் மாதிரி. அவள் பேரன் வந்து போகும் வீடு. சின்னக் குழந்தைக்குச் சில மாத்திரைகளே விஷமாகிவிடும். விழுங்கிய குழந்தை முதலில் வாந்தி எடுக்கும், அப்புறம் சில மணி நேரம் தெளிந்துவிட்டது போல விளையாடும், அதன் பிறகுதான் மோசமாகும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அட்டையோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அக்காவின் மாத்திரை இப்போது அலமாரியின் மேல்தட்டில், பூட்டுப் போட்ட டப்பாவில் இருக்கிறது.