பள்ளி விட்டு வரும் பிள்ளையும் நகரும் கடைவரிசையும்: பின்னணி ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அனிமேஷன் படத்துக்கான காட்சி இதுதான். மதியம் பள்ளி விட்டு ஒரு பிள்ளை வீட்டுக்கு நடந்து போகிறாள். வயது பத்து, உயரம் 1.3 மீட்டர். வெள்ளைச் சட்டை, கருநீலப் பினாஃபோர், கையில் சிவப்புத் தண்ணீர்ப் போத்தல். இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒரு தோட்டப்புறப் பட்டணம். மாடியில்லாத பழைய பலகைக் கடைகள், தகரக் கூரை, கூரைக்கடியில் அஞ்சடி என்னும் நடைபாதை. கடைகளுக்குப் பின்னால் பால்மரங்கள் எனப்படும் ரப்பர் மரங்கள், அதற்கும் அப்பால் சுண்ணாம்புக் குன்று. கேமரா பக்கவாட்டில், அவள் வேகத்திலேயே, கூடவே போகிறது. மொத்தம் நான்கு விநாடி.

இந்தக் காட்சிக்குப் பின்னணி வரைந்து கொடுத்தபோது நான் செய்த தவறுகளும், அப்புறம் என்னிடம் படிக்க வந்த பிள்ளைகள் செய்த தவறுகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓவியமாகப் பார்த்தால் எல்லாம் அழகாகவே இருக்கும். நகர விட்டால்தான் குட்டு வெளிப்படும்.

முதல் தவறு கைப்பேசியிலிருந்து வருகிறது. நேரில் போய் நான்கு படம் எடுத்து வந்து, அதைப் பார்த்து வரைகிறோம். நாம் நின்றபடி எடுத்த படம் அது. அதாவது கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது. காட்சியிலோ கேமரா ஒரு மீட்டர் உயரத்தில், பிள்ளையின் நெஞ்சளவில் போகிறது. நம் பின்னணியில் அடிவானக் கோடு ஒன்றரை மீட்டருக்கு வந்துவிட்டது. அதன்மேல் அனிமேட்டர் வரைந்த பிள்ளையை வைத்தால், அவள் பள்ளத்தில் நடப்பது போல இருக்கும், அல்லது கடைகள் பொம்மை வீடு போலச் சுருங்கித் தெரியும். எங்கே கோளாறு என்று சட்டென்று சொல்ல வராது. நான் அரை நாள் கதவுகளைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சமதரையில் நிற்கும் எல்லாப் பொருளையும் அடிவானக் கோடு ஒரே உயரத்தில்தான் வெட்டும், அது பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். கேமரா ஒரு மீட்டரில் இருந்தால், இரண்டு மீட்டர்க் கதவு ஒவ்வொன்றையும் கோடு சரிபாதியில் வெட்ட வேண்டும். மூன்று மீட்டர் அஞ்சடித் தூணை மூன்றில் ஒரு பங்கில் வெட்ட வேண்டும். கடை வாசலில் நிற்கும் பெரியவருக்கு இடுப்பு, நம் பிள்ளைக்கு நெஞ்சு. வரைவதற்கு முன் ஒரு சிவப்புக் கோட்டை இழுத்து இந்த நான்கையும் பார்த்துவிட்டால் போதும். படம் எடுக்கப் போகும்போது குந்தி உட்கார்ந்து எடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று, கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு மனதுக்குத் தெரிந்ததை வரைவது. ஊரில் குன்று இருக்கிறது, ஆகவே கூரைக்கு மேல் குன்றை எடுத்து வைப்போம். கணக்குப் பாருங்கள். கேமராவுக்கும் கடைத் தூண்களுக்கும் எட்டு மீட்டர் தூரம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூன்று மீட்டர் கூரை விளிம்பைப் பார்த்தால், எட்டுக்கு இரண்டு, அதாவது நான்குக்கு ஒன்று என்ற சரிவில் பார்வை ஏறுகிறது. குன்று 200 மீட்டர் உயரம், இரண்டு கிலோமீட்டர் தூரம் என்று வைத்தால் அதன் சரிவு பத்துக்கு ஒன்றுதான். கூரை அதை முழுதாக மறைத்துவிடும். ஆனால் 40 மீட்டர் தள்ளி நிற்கும் 15 மீட்டர்ப் பால்மரம் கூரைக்கு மேல் எட்டிப் பார்க்கும். குன்று வேண்டும் என்றால் இரண்டு கடைகளுக்கு நடுவே தோட்டத்துக்குள் போகும் செம்மண் சடக்கின் கோடியில் காட்டலாம். அப்படிக் கொஞ்சமாகத் தெரியும் குன்றுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கூரைமேல் உட்கார்ந்த குன்று நாட்காட்டிப் படம்.

சரி, நகர்த்துவோம். இங்கேதான் தவறுகள் குவிகின்றன.

பலர் பின்னணியை லேயர்களாக, அதாவது தனித்தனி அடுக்குகளாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றையும் கண்ணளவில் ஏதோ ஒரு வேகத்தில் நகர்த்துவார்கள். கேமரா பக்கவாட்டில் போகும்போது ஒரு பொருள் திரையில் எவ்வளவு நகரும் என்பது அதன் தூரத்துக்கு நேர்மாறு. தூரம் இரண்டு மடங்கானால் நகர்வு பாதி. நம் காட்சியில் படச்சட்டம் 1920 பிக்சல் அகலம். எட்டு மீட்டர் தூரத்தில் அந்த அகலத்துக்குள் எட்டு மீட்டர் தெரிகிறது. ஆக அங்கே ஒரு மீட்டர் என்பது 240 பிக்சல். பிள்ளை நான்கு விநாடியில் நான்கு மீட்டர் நடக்கிறாள். தூண் வரிசை 960 பிக்சல் நகர வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 96 ஃபிரேம், ஃபிரேமுக்குப் பத்து பிக்சல். 40 மீட்டரில் உள்ள பால்மரங்கள் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 192. குன்று நான்கே பிக்சல். அதை நகர்த்தாமலே விட்டுவிடலாம். நான்கு மீட்டரில் ஒரு மின்கம்பம் குறுக்கே போகிறது என்றால் அது 1920 பிக்சல் ஓடும்.

இந்த எண்கள் தெரிந்தால் ஓவியத்தின் அகலமும் தெரிந்துவிடும்: சட்டத்தின் அகலத்தோடு நகர்வைக் கூட்ட வேண்டும். தூண் வரிசைக்கு 2880, மரங்களுக்கு 2112, கூடவே இரு பக்கமும் நூறு நூறு பிக்சல் உபரி. எல்லா லேயரையும் 1920-இல் வரைந்துவிட்டுக் கடைசியில் இழுத்து நீட்டுவதுதான் வழக்கமான விபத்து. நீட்டினால் கடைப் பலகையில் உள்ள எழுத்தே காட்டிக்கொடுக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். கேமரா இடத்தை விட்டு நகராமல் நின்றபடியே திரும்பினால், இந்த வேக வித்தியாசம் எதுவும் கிடையாது. எல்லா லேயரும் ஒன்றாகவே போக வேண்டும். அந்த மாதிரிக் காட்சியிலும் லேயர்களைத் தனித்தனியாக ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆழம் கூடும் என்று நினைத்து.

தரைதான் மிகவும் கஷ்டம். சாலையைக் கடை லேயரிலேயே சேர்த்து வரைந்தால் அது 960 பிக்சல்தான் நகரும். பிள்ளையோ கேமராவுக்கு ஆறு மீட்டரில் நடக்கிறாள். அவள் காலடியில் உள்ள தரை 1280 பிக்சல் நகர்ந்திருக்க வேண்டும். வித்தியாசம் 320 பிக்சல். பார்ப்பவர் கண்ணுக்கு அவள் எண்ணெயில் நடப்பது போல வழுக்கிக்கொண்டே போவாள். குற்றம் அனிமேட்டர் தலையில் விழும். அவர் நடை வரைந்ததில் ஒரு பிழையும் இருக்காது. ஆகவே அவள் நடக்கும் பட்டையைத் தனி லேயராக, 3200 பிக்சல் அகலத்தில் வரைய வேண்டும். அதற்கும் கடைக்கும் இடையே உள்ள தாரில் கோடு, விரிசல், குழி எதுவும் வேண்டாம். வெறும் தாரில் இரண்டு வேகங்கள் உரசுவது கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒரு மஞ்சள் கோட்டை மட்டும் போட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

அந்தச் செம்மண் சடக்குக்கும் இதே வியாதி. நமக்கு நேராக உள்ளே போகும் பாதையின் இரு ஓரங்களும் தூரத்தில் சேரும் மறையும் புள்ளி எப்போதும் படச்சட்டத்தின் நடுவில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கேமரா நேராகவே பார்த்துக்கொண்டிருக்கிறது. சடக்கு முழுவதையும் கடை லேயரில் வரைந்துவிட்டால் மறையும் புள்ளியும் கடையோடு சேர்ந்து ஓடிவிடும். பாதை, திரைச்சீலையில் தீட்டியது போலத் தட்டையாகிவிடும். பாதையை மூன்று துண்டாக்குங்கள். வாய் எட்டு மீட்டர், நடு 16, கோடி 40. நகர்வு முறையே 960, 480, 192. ஒட்டுமிடங்களில் புல், வேலிக்கம்பு, ஒரு குப்பைத்தொட்டி என்று எதையாவது வைத்து மறைக்கலாம்.

தூணும் சுவரும்கூட ஒரே லேயர் அல்ல. அஞ்சடி என்றாலே ஐந்தடி, ஒன்றரை மீட்டர். சுவர் 9.5 மீட்டரில் இருக்கிறது, ஆகவே சுமார் 808 பிக்சல்தான் நகரும். தூண்கள் சுவர்மேல் 150 பிக்சல் விலகிப் போகும். தூணுக்குப் பின்னால் சுவரை வரையாமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஓட்டை. தூண் லேயரை மூடிவிட்டுச் சுவர் முழுதாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

நிழலுக்கும் இதே கதை. முதலில் இந்தக் காட்சியைக் காலை நேரமாக வைத்திருந்தார்கள். தூண்களின் நிழல் சுவரில் சாய்ந்து விழுந்தது. நான் நிழலைத் தூண் லேயரிலேயே, அடியில் உள்ள நிறத்தை இருட்டாக்கும் Multiply முறையில் தீட்டிவிட்டேன். ஓடவிட்டால், தூணோடு நிழலும் சுவரில் ஊர்ந்தது. நிழல் எதன்மேல் விழுகிறதோ அந்த லேயருக்குத்தான் சொந்தம், எது விழச் செய்கிறதோ அதற்கு அல்ல.

காலையை மதியமாக மாற்றியதும் வண்ணத்தில் நான் சறுக்கினேன். மதியம் என்றதும் நீள நிழலைக் கொஞ்சம் குட்டையாக்கினேன், அவ்வளவுதான். மலேசிய நேரப்படி இந்தப் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, சுமார் 1:15-க்கு. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலேயே நிற்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளையின் நிழல் அவள் சப்பாத்தைச் சுற்றிச் சின்ன வட்டமாகக் கிடக்கும்.

இதனால் பேலட்டே மாறுகிறது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் என்பதற்காக அதை வெள்ளையாகத் தீட்டினால் பிள்ளையின் சட்டை அதில் கரைந்துவிடும். அஞ்சடியைக் கரும் இருட்டாக்கினால் பினாஃபோரும் தலைமுடியும் கரைந்துவிடும். நான் இரண்டையும் செய்திருந்தேன். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தபோது இரண்டு கையும் ஒரு முகமும்தான் மிச்சம். ஆனால் உச்சி வெயிலில் அந்தச் சுவர் முழுவதும் கூரை நிழலில் இருக்கிறது. வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளந்தால், வெயிலில் நடக்கும் சட்டை 95, நிழலில் உள்ள சுவர் 55, பினாஃபோர் 20. அஞ்சடியின் உள்மூலைகூட 35-க்குக் கீழே போக வேண்டியதில்லை, ஏனென்றால் சுடும் தரையிலிருந்து எழும்பும் ஒளி அஞ்சடிக் கூரையின் அடிப்பாகத்தில் பட்டுச் சற்றுச் செம்மஞ்சளாகத் தெரியும். நிஜமே நமக்கு வசதியாக இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

பச்சையைப் பற்றி இரண்டு வார்த்தை. 40 மீட்டரில் நிற்கும் மரத்துக்கு நீல மூட்டம் கிடையாது; மூட்டம் இரண்டு கிலோமீட்டர்க் குன்றுக்குத்தான். இரண்டுக்கும் ஒரே அளவு நீலம் பூசினால் குன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கதை பிப்ரவரி, மார்ச்சில் நடந்தால் பால்மரம் பச்சையாகவே இருக்காது. இலை மஞ்சளும் சிவப்புமாகி உதிரும் காலம் அது. அப்போது போத்தலின் சிவப்பு பின்னால் உள்ள இலைகளோடு போட்டி போடும். நான் இலையின் செறிவைக் குறைத்தேன், போத்தலைத் தொடவில்லை. கடைப் பலகை ஒன்று சிவப்பாக இருந்தது, அதைப் பழுப்பாக்கிவிட்டேன்.

காலடி நிழல் வட்டத்தை மட்டும் நான் வரைவதில்லை. அவள் கால் தூக்கும்போது அது மாற வேண்டும், ஆகவே அது அனிமேட்டர் வேலை. என் தார்ப் பட்டையில் நிழலுக்கு எந்த நிறம் வரும் என்று ஒரு சிறிய வண்ணக் கட்டம் தீட்டி, தனி லேயரில் வைத்துக் கொடுக்கிறேன்.