மூன்று எடையில் ஒரு கல்லின் அடர்த்தியும் நுண்துளைமையும்

ஏற்காடு மலைச்சாலையை வெட்டிய இடங்களில் கருநீலமாக மின்னும் சார்னோகைட் தெரியும். மேலே ஏறினால் செம்பழுப்பு லேட்டரைட். பிராக்டிகலுக்கு இந்த இரண்டிலும் கைப்பிடி அளவில் ஒவ்வொரு துண்டு போதும்.

முதலில் சார்னோகைட். பிரஷ் போட்டுக் கழுவி, 105 டிகிரி ஓவனில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். டெசிக்கேட்டரில் ஆறவிட்டு நிறுத்தால் உலர் எடை கிடைக்கும். நம் துண்டுக்கு 268.4 கிராம்.

அடுத்து தண்ணீரில் ஊறவிட வேண்டும். வாக்குவம் பம்ப் இருந்தால் துளைக்குள் இருக்கும் காற்றை ஒரு மணி நேரமாவது உறிஞ்சுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் முழுக்க ஊறட்டும், ஆனால் சில துளைகளில் காற்று தங்கிவிடும்.

ஊறிய கல்லை வெளியே எடுக்காமல் நூலில் கட்டி, தராசின் கொக்கியில் மாட்டி, தண்ணீருக்குள்ளேயே நிறுங்கள். கல் பீக்கரைத் தொடக்கூடாது. ஒட்டிய குமிழியைத் தட்டிவிடுங்கள், அது கல்லைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். நூலின் எடையைக் கழித்தபின் தொங்கு எடை 171.4 கிராம்.

இப்போது கல்லை வெளியே எடுத்து, நனைத்துப் பிழிந்த துணியில் உருட்டி உடனே நிறுங்கள். பளபளப்பு போய் மேற்பரப்பு மங்கியதும் துடைப்பதை நிறுத்திவிட வேண்டும். ஊறிய எடை 268.9 கிராம்.

```
கன அளவு = ஊறிய - தொங்கு = 268.9 - 171.4 = 97.5 க.செ.மீ.
அடர்த்தி = உலர் / கன அளவு = 268.4 / 97.5 = 2.75
நுண்துளைமை = (ஊறிய - உலர்) / கன அளவு × 100 = 0.5 / 97.5 × 100 = 0.5%
```

தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்திருக்கிறோம். சேலத்து வெயிலில் அது சுமார் 0.996, இரண்டாம் தசமம் வரை துல்லியம் வேண்டுமென்றால் கல்லின் அடர்த்தியை அதால் பெருக்குங்கள்.

துடைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே 0.3 கிராம் ஈரம் மிஞ்சினால் அடர்த்தி 2.74 ஆகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் நுண்துளைமை 0.8% ஆகிவிடும். உண்மை மதிப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்! இப்படிப்பட்ட இறுகிய கல்லுக்கு மூன்று தடவை துடைத்து நிறுத்துச் சராசரி எடுப்பேன்.

லேட்டரைட்டில் தொல்லை வேறு மாதிரி. காய்ந்த துணி துளைக்குள் இருக்கும் தண்ணீரையே இழுத்துவிடும். கல்லும் உதிரும், ஊறவைத்த பாத்திரத்தின் அடியில் சிவப்பு மண் தங்கியிருப்பதைப் பாருங்கள். முதலிலேயே உலர் எடை பார்த்திருந்தால் அந்த மண்ணின் எடையும் அதில் சேர்ந்து நுண்துளைமை குறைந்து வரும். அதனால் இதற்குத் தொங்கு, ஊறிய எடைகளை முதலில் எடுத்துவிட்டு, அதே துண்டைக் கடைசியில் உலர்த்துங்கள்.

உலர் 182.6, ஊறிய 201.8, தொங்கு 118.2 என்றால் கன அளவு 83.6. அடர்த்தி 2.18, நுண்துளைமை 23%. துளைகளை விட்டுவிட்டுத் திடப்பொருளை மட்டும் கணக்கிட 182.6 / (182.6 - 118.2) = 2.84. கையில் லேசாகத் தெரியும் லேட்டரைட்டின் திடப்பகுதி, சார்னோகைட்டைவிடவும் அடர்த்தியானது.