சுகர் 82 காட்டுது, வண்டியை எடுக்கலாமா?

இன்சுலின் போடுறவங்க, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரை எடுக்குறவங்க வண்டி ஓட்டும்போது நிறைய பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. மீட்டர்ல 82 வந்ததும் "நார்மல்தானே"ன்னு கிளம்பிடுறாங்க. வீட்ல உக்காந்திருக்கும்போது 82 நல்ல நம்பர்தான், ஆனா ஸ்டியரிங் பிடிக்கிறதுக்கு அது பத்தாது. 90-க்கு கீழ இருந்தா முதல்ல ஏதாவது சாப்பிடணும், 70-க்கு கீழன்னா வண்டியை தொடவே கூடாது (மீட்டர் mmol/L-ல காட்டினா 5, 4).

ஏன் 90? மீட்டர் காட்டுறது அந்த நிமிஷத்து சுகரை மட்டும்தான், அது ஏறுதா இறங்குதான்னு சொல்லாது. ஒரு மணிக்கு சாப்பாட்டுக்கு வேகமா வேலை செய்யுற இன்சுலின் போட்டிருக்கீங்க, மூணு மணிக்கு பாத்தா 82, ஒன்றரை மணி நேரம் ஓட்டணும்னு வைங்க. அந்த இன்சுலின் சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும், அதனால இன்னும் உள்ள இருக்கு. வழியில ஒரு 25 இறங்கினாலே 57, அந்த அளவுல கை நடுங்குறது மட்டும் இல்ல, முடிவெடுக்குற வேகமே குறைஞ்சிடும், அது குறையுதுன்னு உங்களுக்கே தெரியாமலும் போகலாம். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி 15 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் பிஸ்கட்டோ சாப்பிட்டு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, 90-ஐ தாண்டினதும் கிளம்பலாம்.

இன்னொரு தப்பு, காலைல பாத்த ரீடிங்க வச்சு மதியம் ஓட்டுறது. கிளம்புறதுக்கு முந்தின ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாத்ததாதான் இருக்கணும், நீண்ட பயணம்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பாக்கணும். பழம் உரிச்ச கையோட குத்திப் பாக்காதீங்க, விரல்ல ஒட்டின சர்க்கரை நம்பரை ஏத்திக் காட்டிடும், சோப்பு போட்டு கழுவி நல்லா துடைச்சிட்டு பாருங்க. கைல சென்சார் ஒட்டியிருக்கவங்க அம்புக்குறியையும் பாருங்க, ஏன்னா சென்சார் ரத்தத்தை விட சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும், 100 இருந்தும் அம்பு கீழ போகுதுன்னா சாப்பிட்டுட்டுதான் கிளம்பணும்.

ஓட்டும்போதே வேர்த்து, படபடன்னு வந்தா "இன்னும் பத்து நிமிஷம்தான், வீட்டுக்கு போயிடலாம்"ன்னு நினைக்கிறதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்குற தப்பு. உடனே பத்திரமான இடத்துல ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்துட்டு டிரைவர் சீட்ல இருந்து மாறி உக்காந்துட்டு, குளுக்கோஸோ ஜூஸோ குடிங்க. சுகர் 90-க்கு மேல வந்த பிறகும் 45 நிமிஷம் காத்திருக்கணும், நம்பர் சரியானதும் மூளை உடனே சரியாகிடாது. அந்த குளுக்கோஸை டிக்கில இருக்குற பையில வைக்காதீங்க, உக்காந்த இடத்துல இருந்து கை எட்டுற மாதிரி வைங்க.